சும்மா நிற்கச் சொன்னால் எதைப் பார்ப்பது?

கேட்டரிங் கல்லூரியில் படிக்கிறேன். மதுரையில் ஒரு ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு கிச்சனுக்கு அனுப்புவார்களாம். எதைக் கவனிப்பது, லாக் புக்கில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார்கள். மிச்சப் பயிற்சியை மலேசியாவில் முடித்துத் தருகிறேன் என்று ஓர் ஏஜெண்ட் 80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வரவேற்பு மேசையில் நிற்கும் மாணவர்கள் பெரும்பாலும் வந்து போகும் விருந்தினரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புன்னகைத்து வணக்கம் சொல்வதையும் பதிவுப் படிவம் நிரப்புவதையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிடலாம். அதற்குமேல் அங்கே கற்க வேண்டியதெல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு மாறும் நேரத்தில்தான் இருக்கிறது. பிற்பகல் 3 மணியையொட்டி காலை ஷிப்ட் கிளம்பி அடுத்த ஷிப்ட் வரும்போது மேசையை விட்டு நகராதீர்கள். கல்லாவில் இருக்கும் சில்லறையை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்களா? தாமதமாகக் காலி செய்ய அனுமதி கேட்ட விருந்தினரைப் பற்றிய தகவல் மேசையில் உள்ள ஹோட்டலின் லாக் புக்கில் ஏறுகிறதா, வாய்வார்த்தையாகவே போகிறதா? வாய்வார்த்தையாகப் போன தகவல் மாலைக்குள் எங்கே போய் முட்டுகிறது என்று அன்றைக்கே பின்தொடர்ந்து பாருங்கள்.

அதைவிட முக்கியமானது ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து வரும் அறை நிலை அறிக்கை. எந்த அறையில் ஆள் இருக்கிறார், எது காலி என்று ஒவ்வோர் அறையாகப் பார்த்து அவர்கள் எழுதித் தருவார்கள். அதை முன் அலுவலகக் கணினி காட்டுவதோடு ஒப்பிடுவார்கள். சில அறைகளில் இரண்டும் பொருந்தாது. உங்கள் லாக் புக் அந்த அறைகளிலிருந்து தொடங்கட்டும்.

214-ஆம் அறை என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஆள் இருக்கிறார், ஹவுஸ்கீப்பிங் காலி என்கிறது. மேசையில் இருப்பவர் முதலில் அந்த அறையின் பில்லைத் திறப்பார். பாக்கி எதுவும் இல்லையென்றால், விருந்தினர் பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார், கணினியில் செக்-அவுட் பதிய மறந்திருக்கிறார்கள். இதை ஸ்லீப்பர் என்பார்கள். விற்கக்கூடிய அறை யாருக்கும் தெரியாமல் சும்மா கிடக்கிறது, நஷ்டம் ஹோட்டலுக்கு. பாக்கி இருந்து, அறையில் பெட்டியும் இல்லையென்றால், பணம் கட்டாமல் நழுவியிருக்கக்கூடும். அது ஸ்கிப்பர். உடனே டியூட்டி மேனேஜருக்குச் சொல்வார்கள். பெட்டி இருக்கிறது, படுக்கை மட்டும் கலையவில்லை என்றால், அவர் இரவு வெளியே தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு சாத்தியமும் உண்டு. ஏ.சி. சரியில்லை என்று இரவே அவரை 318-க்கு மாற்றியிருப்பார்கள், மாற்றியவர் கணினியில் பதிந்திருக்க மாட்டார். என் அனுபவத்தில் இதுதான் அதிகம்.

ஆக ஒரே ஒரு முரண்பாட்டுக்கு நான்கு காரணங்கள். எது என்று கண்டுபிடிக்க அவர் எதை முதலில் பார்த்தார், யாருக்கு போன் செய்தார், எத்தனை நிமிடத்தில் முடிந்தது, கடைசியில் எந்தப் பதிவைத் திருத்தினார் என்பதையே எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். வேலை முடிந்து அவர் தேநீர் குடிக்கும்போது, "இது முதலில் எந்த இடத்தில் விட்டுப்போனது சார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எரிந்து விழமாட்டார். அவரும் அதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு நேரெதிரான முரண்பாடு, கணினியில் காலி, உள்ளே ஆள். அது கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். புதிதாக வந்தவருக்கு அந்த அறையின் சாவியைக் கொடுத்துவிட்டால், அவர் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்.

லாக் புக்கில் விருந்தினரின் பெயர், ஆதார் எண், பாஸ்போர்ட் எண், அட்டை எண் எதையும் எழுதாதீர்கள். கணினித் திரையைப் படம் எடுக்கவே கூடாது. "வெளிநாட்டு விருந்தினர் ஒருவர்" என்று எழுதினால் போதும். அவர்கள் வந்து 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையவழியில் தகவல் போக வேண்டும். அதை எந்த ஷிப்ட் செய்கிறது, போனதற்கு அத்தாட்சி எங்கே வைக்கப்படுகிறது என்பதைக் கேட்டு எழுதுங்கள். பான் அட்டையை நீட்டும் உள்ளூர் விருந்தினரிடம் வேறு அடையாள அட்டை கேட்பதையும் பார்ப்பீர்கள். பான் அட்டையில் முகவரி கிடையாது, காரணம் அதுதான்.

கிச்சனில் உங்களுக்கு வெங்காயம் உரிக்கும் வேலைதான் கிடைக்கும். மாதக்கணக்கில் உரிக்க வைத்துவிட்டுப் பயிற்சி என்று சான்றிதழ் தரும் ஹோட்டல்களையும், போன் போட்டுக்கூட விசாரிக்காத கல்லூரிகளையும் நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மாணவர் கட்டிய கட்டணத்துக்கு இவர்களில் யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆத்திரத்தில் நாளை வீணாக்காதீர்கள். காலையில் சரக்கு வந்து இறங்கும் இடத்தில் உதவிக்கு நிற்கிறேன் என்று நீங்களாகவே கேளுங்கள். மூட்டை தூக்க ஆள் வேண்டாம் என்று எந்த ஸ்டோரிலும் சொல்லமாட்டார்கள்.

அங்கே ஒரே ஒரு மீனைப் பின்தொடருங்கள். 5 கிலோ வஞ்சிரம் வருகிறது, கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 4,000. பில்லில் உள்ள எடையும் தராசு காட்டும் எடையும் ஒன்றா, ஐஸையும் சேர்த்து எடை போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பிறகு மீன் வெட்டும் இடத்துக்குப் போங்கள். தலை, வால், குடல் எல்லாம் போக துண்டுகள் மூன்றரைக் கிலோ நிற்கிறது என்றால், 4,000-ஐ மூன்றரையால் வகுக்க வேண்டும். கிலோ 1,143 ரூபாய். சமையலுக்கு வரும் மீனின் உண்மையான விலை இதுதான், 800 அல்ல. ஒரு தட்டுக்கு 150 கிராம் என்றால் மீனுக்கு மட்டும் 171 ரூபாய். மூன்றரைக் கிலோவில் 23 துண்டுகள் வர வேண்டும். 20 தான் வந்தது என்றால், துண்டு பெரிதாக விழுகிறது அல்லது மீன் வேறெங்கோ போகிறது. தலையும் எலும்பும் குழம்புக்கோ ஸ்டாக்குக்கோ போகின்றனவா, குப்பைக்கா என்பதையும் எழுதுங்கள். எடை போட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுச் செய்யுங்கள். துண்டு குறைந்தால் யார் மேலும் பழி சொல்லாமல், எண்ணிக்கையை மட்டும் குறித்து வையுங்கள். வகுப்பில் செலவுக் கணக்கு நடத்தும்போது தூங்கியவர்களுக்கும் இந்த ஒரு மீன் புரியவைத்துவிடும்.

சமைத்த உணவில் பார்க்க வேண்டியது, சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா, குளிராக வைப்பது 5 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதுதான். காலை பஃபேயில் சாம்பார் ஆவி பறந்தால் சூடாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். வெப்பமானியை யார், எத்தனை மணிக்கு வைத்துப் பார்க்கிறார், பார்த்ததும் எழுதுகிறாரா அல்லது ஷிப்ட் முடிவில் ஒரே பேனாவால் முழு நாளையும் நிரப்புகிறாரா என்று கவனியுங்கள்.

கேள்வி கேட்கும் நேரம் பற்றி ஒரு விதி. மதியம் 12:30 முதல் 2:30 வரை, இரவு 8 முதல் 10 வரை வாயைத் திறக்காதீர்கள். சந்தேகங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு கேளுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு விருந்தினர் "எனக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது" என்று பரிமாறுபவரிடம் சொல்லி, அது ஆர்டர் சீட்டில் எழுதப்பட்டு உள்ளே வந்து, அதை யாரும் கவனிக்காததை நீங்கள் பார்த்துவிட்டால், எவ்வளவு நெருக்கடியானாலும் உரக்கக் கேளுங்கள். நம் குருமாவிலும் வெள்ளை கிரேவியிலும் முந்திரி அரைத்து விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே தூவிய முந்திரியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். நிலக்கடலை ஒவ்வாதவருக்குச் சட்னியும், தாளித்த கடலெண்ணெயும் கேட்க வேண்டியவை. கோதுமை ஒவ்வாதவருக்கு ரசம் பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஒரே வாணலியை, ஒரே கரண்டியை இதற்கும் அதற்கும் பயன்படுத்துகிறார்களா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் "இல்லை, இருக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செஃப் திட்டினால் திட்டட்டும். மூச்சுத் திணறி ஒருவர் மேசையில் சாய்ந்த பிறகு கேட்க ஒன்றுமிருக்காது.

கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் பயிற்சி அறிக்கை அச்சடித்தே கிடைக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்காதீர்கள். 214-ஆம் அறையில் என்ன நடந்தது என்று நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டாலே அச்சடித்த அறிக்கை விழித்துக்கொண்டு நிற்கும்.

இனி அந்த ஏஜெண்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. உங்களிடம் கேட்பது 80,000. பதிவு எண் கேளுங்கள், அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். "இது வேலையல்ல, பயிற்சி, அதனால் பதிவு தேவையில்லை" என்பார். அப்படியென்றால் எந்த விசாவில் போகிறேன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஹோட்டல் எது, உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா விசா என்ற சொல் வந்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே போய் இறங்கிய பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவ விட்ட கதைகள் எனக்குத் தெரியும். அனுப்பிய ஆளின் போன் அதற்குள் அணைந்திருக்கும். உங்கள் கல்லூரியின் பயிற்சி அலுவலரிடம் இந்த ஏஜெண்ட்டைப் பற்றி எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். அந்த ஏஜெண்ட்டே கல்லூரி மூலம் வந்தவர் என்றால், முதல்வருக்கு எழுதுங்கள், நகலை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.