படத்தில் தெரியாத தொடைகள்

“சுங்கை சிப்புட்டில் ஜிம்முக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் போடும் படங்களைப் போல எனக்கு வயிற்றில் கட்டுகள் தெரியவில்லை. வீணா?”

இல்லை. அந்தப் படங்கள் பயிற்சி முடிந்த கையோடு எடுக்கப்படுபவை. அப்போது தசைக்குள் இரத்தம் பாய்ந்து உப்பியிருக்கும். சற்று நேரத்தில் வடிந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வயிற்றுக் கட்டு தெரிவது பெரும்பாலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும் பரம்பரையையும் பொறுத்தது.

படத்துக்காகப் பயிற்சி செய்பவர்கள் நெஞ்சையும் கையையும் வளர்த்துவிட்டுக் கால்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தொடையும் பிட்டமும் உடலின் மிகப் பெரிய தசைகள். சுருங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பிறகும் ஓரிரு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதால் நமக்கு இதுவே பெரிய காரணம்.

வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பெரும்பாலான நாள்களில் இரவு உணவுக்குப் பின் எஸ்டேட் சாலையில் இருபது நிமிட நடை என்று தொடங்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், நடந்த நாளும் நடக்காத நாளும் ஒரே உணவைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.