‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்று ஒரு வாசகி எழுதினால்

கேள்வி: நான் ஒரு மாத இதழில் சமையல் குறிப்பு எழுதுகிறேன். சிலர் மின்னஞ்சலில் வீட்டுக் கஷ்டத்தையும் எழுதுகிறார்கள். நேற்று ஒரு பெண், ‘ஆறு மாசமா தூக்கமே இல்ல, இருந்து என்ன ஆகப்போகுது’ என்று எழுதியிருக்கிறார். பதில் போடாமல் இருக்க மனசு கேட்கவில்லை. என்ன எழுதுவது?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இன்றைக்கே எழுதுங்கள், ஏழெட்டு வரி போதும். இப்படி:

“நீங்க எழுதினதை முழுசாப் படிச்சேன். ஆறு மாசம் தூக்கமில்லாம இருக்கிறது ரொம்பக் கஷ்டம். நேராவே கேட்கிறேன், உயிரை விட்டுடலாம்னு தோணுதா? தோணுச்சுன்னா இப்பவே 14416-ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்க. ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நீங்க நம்புற ஒருத்தர்கிட்ட இன்னிக்கே சொல்லி, கூட இருக்கச் சொல்லுங்க. நான் சமையல் எழுதுறவ, இதுக்குப் படிச்சவ இல்ல. மெயிலும் தினம் பார்க்கிறதில்ல. அதனாலதான் இந்த நம்பரைத் தர்றேன். எந்த ஊர்ல இருக்கீங்க?”

அப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ‘எல்லாம் சரியாயிடும்’, ‘குழந்தைங்க முகத்தைப் பாருங்க’ என்பவைதான் வாயை அடைத்துவிடும். ஊரைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. கடலூர் என்றால் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர் மனநலப் பிரிவு என்று அடுத்த மடலில் இடத்தோடு சொல்லலாம். ‘மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன்’ என்பது போல வழியோ நேரமோ எழுதியிருந்தால் மடலோடு நிற்காதீர்கள். தெரிந்த விவரத்தோடு 112 அவசர உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அனுப்புமுன் ஒன்று பாருங்கள். ‘ரிப்ளை’ அழுத்தினால் அவர் எழுதியது முழுக்கக் கீழே ஒட்டிக்கொண்டு போகும். ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுக்கிற இடத்தில் அது ஆபத்து. அதை அழித்துவிடுங்கள், தலைப்பிலும் விஷயம் தெரிய வேண்டாம். கணவர் அடிக்கிறார் என்று எழுதுபவருக்கு முதல் பதில், ‘இந்த மெயிலை நீங்க மட்டும்தான் பார்ப்பீங்களா?’ என்ற ஒரு வரிதான். ஆம் என்று வந்த பிறகு 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வழி தெரியாவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் கேட்கலாம்.

‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்டு எழுதினால் அது தொடர்கதையாகிவிடும், அவரும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டு உங்கள் மடலுக்குக் காத்திருப்பார். உயிர் ஆபத்து இல்லாதவற்றுக்கு இரண்டு மடலோடு நிறுத்துங்கள். சொந்த வாட்ஸ்அப் எண் தர வேண்டாம். பெயரை மாற்றி இதழில் போடலாமே என்று ஆசிரியர் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘தேவனாம்பட்டினம், இரண்டு பெண் பிள்ளைகள், கணவர் துபாயில்’ என்றாலே தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும்.