போனை வாங்கி வைப்பது சுலபம், திருப்பிக் கொடுப்பதுதான் பாடு

மண்டபம் ஆசிரியர்: டீச்சர், பள்ளியில பிள்ளைங்க போனை எல்லாம் காலையில வாங்கி அட்டைப்பெட்டியில வைக்கிறோம். ஒன்றோட திரை உடைஞ்சிருச்சுன்னு அப்பா வந்து சண்டை போடுறார்.

பெட்டியை முதலில் தூக்கிப் போடுங்கள். நாங்கள் தையற்காரரிடம் சொல்லி வகுப்புக்கு ஒரு துணித் தொங்கல் தைத்தோம், 40 பை, ஒவ்வொன்றிலும் வருகைப் பதிவேட்டு எண். பிள்ளையே வகுப்பாசிரியர் கண் முன்னால் போனை அணைத்துத் தன் பையில் போடணும், விரிசல் இருந்தால் அப்போதே நோட்டில் எழுதிக் கையெழுத்து. கண் முன்னால் அணைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் செத்துக் கிடக்கும் பழைய போனைக் கொடுத்துவிட்டு நல்லதை இடுப்பில் செருகிக்கொள்ளும் கில்லாடிகள் இருக்கிறார்கள், செத்த போனில் வெளிச்சம் வராது. அப்புறம், ஆபீஸ் வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள், பஸ் பிடிக்கிற அவசரத்தில் மாறிப்போகும். வகுப்பிலேயே கடைசி 10 நிமிடத்தில் எண் வாரியாகக் கொடுங்கள். உங்கள் கேஸில் நோட்டு இல்லை, அதனால் திரை மாற்றும் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசி முடிப்பதுதான் வழி.

பாம்பன் அப்பா: பள்ளியில போனைத் தடை செய்யக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சே?

பாதி சரி. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் முழுத் தடை விரும்பத்தக்கதல்ல, நடைமுறைக்கும் ஒத்துவராது என்றது. முடிந்த இடத்தில் வாங்கி வைக்கலாம், வகுப்பில் பயன்படுத்த விடக்கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. டெல்லி தீர்ப்பு நம்மூர்ப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

தனுஷ்கோடி பக்கம்: போன்ல இலங்கை டவர் எடுக்குது, பள்ளி என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். அடுத்து.

தங்கச்சிமடம் அம்மா: போனே கூடாதுங்கிறாங்க, ஆனா வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்ல வருது. எங்க வீட்ல ஒரே போன், அவர் விசைப்படகுக்குக் கொண்டுபோயிருவார்.

இதுதான் கேள்வி. வாரத்தில் 3 நாள் படகு போகும், மறுநாள் காலையில்தான் கரை. அந்த ராத்திரியெல்லாம் உங்கள் பிள்ளைக்கு வீட்டுப்பாடமே கிடையாது, மறுநாள் திட்டு மட்டும் கிடைக்கும். 4 மணிக்குள் கரும்பலகையில் எழுதாததை வீட்டுப்பாடமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று பள்ளியில் எழுதி வாங்குங்கள்.

மண்டபம் ஆசிரியர்: புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கே டீச்சர், வீடியோ பார்க்க வேணாமா?

ஆசிரியர் போனில் ஸ்கேன் செய்து வகுப்புக்கே காட்டுங்கள்.

மண்டபம் ஆசிரியர்: 38 பிள்ளைக்கு ஒரு போன் திரையா?

பின்வரிசைக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். புரொஜெக்டர் இல்லாத பள்ளியில் என்னிடமும் இதற்கு நல்ல பதில் இல்லை. அதற்காகப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொன்னால் போன் இல்லாத ஆறேழு பேர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

தொண்டி: பறிமுதல் பண்ண போன்ல என்ன இருக்குன்னு பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். அணைத்து, உறையில் போட்டு, பெற்றோர் கையில் கொடுங்கள்.

தேவிபட்டினம்: பறிமுதல் பண்ணா எத்தனை நாள் வைக்கலாம்?

அன்று சாயங்காலம் வரை. அது அவங்க அப்பா நாளைக்குப் படகுக்குக் கொண்டுபோகும் போனாக இருக்கும்.