எட்டு எழுத்தா, பன்னிரண்டு எழுத்தா: பாஸ்வேர்டின் பிட் கணக்கு

"எங்கள் பனியன் ஏற்றுமதி ஆபீஸில் எட்டு எழுத்து பாஸ்வேர்டு போதும், ஆனால் பெரிய எழுத்து, எண், @ மாதிரி குறி எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். வெறும் சின்ன எழுத்திலேயே பன்னிரண்டு போட்டால் அதைவிட நல்லது என்கிறான் என் தம்பி. யார் சொல்வதுங்க சரி?" (வாசகி, திருப்பூர்)

தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்று இரண்டே விடை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம்தான் ஒரு பிட். இன்னொரு பிட் சேர்ந்தால் முயற்சிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். பத்து பிட் என்றால் 1,024 முயற்சி, இருபது பிட் என்றால் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

சின்ன ஆங்கில எழுத்து 26. அதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது 4.7 பிட். பெரிய எழுத்து, எண், கீபோர்டில் இருக்கும் குறிகள் எல்லாம் சேர்த்தால் 94 ஆகிறது. அதிலிருந்து எடுக்கும் ஒன்று 6.55 பிட். கவனியுங்கள்: எழுத்து வகையை மூன்றரை மடங்குக்கு மேல் கூட்டியும் ஓர் இடத்துக்கு இரண்டு பிட்கூடக் கூடவில்லை. ஆனால் சின்ன எழுத்திலேயே ஒன்றை அதிகமாகப் போட்டால் முழுசாக 4.7 பிட் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். ஆபீஸ் சொல்லும் எட்டு எழுத்து: 8 × 6.55, அதாவது 52.4 பிட். தம்பியின் பன்னிரண்டு: 12 × 4.7, அதாவது 56.4 பிட். வித்தியாசம் நாலே பிட் என்று நினைக்க வேண்டாம், நாலு பிட் என்றால் பதினாறு மடங்கு. முதலாவதில் மொத்தச் சாத்தியம் சுமார் 61 கோடி கோடி. இரண்டாவதில் 954 கோடி கோடி.

நேரமாகவும் பார்த்துவிடலாம். ஒரு தளத்தின் பாஸ்வேர்டு கோப்பு திருடு போய்விட்டது, அந்தத் தளம் அதை MD5 போன்ற பழைய, வேகமான முறையில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் பழையபடி மாற்ற முடியாத குறியீடாக்கி வைத்திருந்தது என்று வையுங்கள். வீடியோ கேம் ஆடுவோர் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பத்தாயிரம் கோடி முயற்சி செய்துவிடும். அந்த வேகத்தில் ஆபீஸ் பாஸ்வேர்டின் எல்லாச் சாத்தியத்தையும் பார்த்து முடிக்க 17 மணி நேரம். தம்பியுடையதற்கு 11 நாள். சராசரியாகப் பாதி வழியிலேயே மாட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக இரண்டுமே இந்த வேகத்துக்குப் போதாது. அதே சின்ன எழுத்தில் பதினாறு போட்டால்? 75 பிட், பதிமூன்றாயிரம் வருஷத்துக்கு மேல். நாலே எழுத்துதான் கூட்டினோம்.

ஆபீஸ்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான NIST 2004இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விதி அது. 2017இல் அதே நிறுவனம் எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், சும்மா சும்மா மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று எழுதிவிட்டது. நம் ஊர் ஆபீஸ்களுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேருகிறது.

அந்த நிபந்தனை இதுதான்: இந்தப் பெருக்கல் எல்லாம் ஒவ்வோர் எழுத்தையும் குருட்டாம்போக்கில் எடுத்தால் மட்டுமே செல்லும். தம்பி தன் பன்னிரண்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பேரும் காதலியின் பேரும் என்றால் கணக்கே வேறு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

"என் முதல் லாரியின் நம்பரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். பத்து எழுத்து, பெரிய எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கிறது. ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தால் பச்சைக் கோடு வருகிறது. போதுமுங்களா?" (வாசகர், நாமக்கல்)

அந்தப் பச்சைக் கோடு உங்கள் பாஸ்வேர்டை நீளத்தையும் எழுத்து வகையையும் மட்டும் வைத்து எடை போடுகிறது. 26 பெரிய எழுத்து, 10 எண், ஆக 36. ஓர் இடத்துக்கு 5.17 பிட், பத்து இடத்துக்கு 51.7. அதனால் பச்சை.

உடைக்க வருகிறவன் அப்படி யோசிப்பதில்லை. இது வண்டி நம்பராக இருக்கலாம் என்று ஒரு முறை சந்தேகப்பட்டால் போதும், ஒவ்வோர் இடமாகக் குறைத்துக்கொண்டே வருவான். முதல் இரண்டு எழுத்து TN, அதில் யூகிக்க ஒன்றுமில்லை, பூஜ்யம் பிட். அடுத்த இரண்டு எண் ஆர்டிஓ குறியீடு, அதிகபட்சம் நூறு. அடுத்து இரண்டு எழுத்து, 676 சாத்தியம். கடைசி நாலு எண், பத்தாயிரம். பெருக்கினால் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 67.6 கோடி, அதாவது 29 பிட். மேலே சொன்ன கார்டுக்கு இது நொடியில் நூறில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. நீங்கள் நாமக்கல்காரர், TN28 ஆகத்தான் இருக்கும் என்று தெரிந்தவனுக்கு 67.6 லட்சம்தான், 23 பிட்டுக்கும் கீழே. லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு அதுவும் தேவையில்லை, பலகையிலேயே எழுதியிருக்கிறது.

ஆக பிட் என்பது பாஸ்வேர்டின் தோற்றத்துக்கு உரியதில்லை, அதைத் தேர்ந்தெடுத்த முறைக்கு உரியது. `Perundurai@123` என்பதையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். 14 இடம், காகிதத்தில் ஏறக்குறைய 92 பிட். நிஜத்தில் அது ஓர் ஊர்ப் பேர் (தாராளமாகப் பத்தாயிரம் ஊர் என்று வைப்போம்), முதல் எழுத்து பெரிதா சிறிதா (2), வழக்கமான குறி ஒன்று (8), மூன்று எண் (1,000). மொத்தம் 16 கோடி, 27 பிட். உங்கள் லாரி நம்பரைவிடவும் கீழே. zxcvbn போல இப்படிப் பிரித்துப் பார்க்கும் நல்ல அளவுகோல்களும் உண்டு, 2012இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் சொல் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களும் அமெரிக்கப் பெயர்களும்தான். நம் ஊர்ப் பெயர்கள் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். திருடனின் கண்ணில் தப்பாது.

"ஏடிஎம்மில் நாலு எண்தானே? அது மட்டும் எப்படிப் போதும்?" (வாசகர், காங்கயம்)

நாலு எண் 13.3 பிட், பத்தாயிரம் சாத்தியம். அங்கே சில முறை தப்பானால் கார்டு முடங்கிவிடும், அதனால் போதும். பிட் என்பது எத்தனை முயற்சி தேவை என்று மட்டுமே சொல்லும். எத்தனை முயற்சிக்கு விடுகிறார்கள், எவ்வளவு வேகத்தில் விடுகிறார்கள் என்பது தளத்தின் கையில் இருக்கிறது.

கோப்பே திருடு போனாலும் இது பொருந்தும். bcrypt என்ற மெதுவான முறையில் ஹாஷ் செய்து வைத்திருந்தால் (எவ்வளவு மெதுவாக என்று முடிவு செய்யும் cost என்ற எண் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதே கார்டு நொடிக்குச் சில ஆயிரம் முயற்சிதான் செய்யும். ஐயாயிரம் என்று எடுத்தால், 17 மணி நேரத்தில் முடிந்த அந்த 52 பிட் வேலை 38,000 வருஷத்துக்கு இழுக்கும். `Perundurai@123`? ஒன்பது மணி நேரம். எந்தத் தளம் எந்த முறையில் வைத்திருக்கிறது என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதனால் மோசமான முறையில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியே கணக்குப் போடுங்கள்.

"தமிழிலேயே டைப் செய்தால் 247 எழுத்து இருக்கிறதே, பிட் எகிறுமே?" (வாசகர், பொள்ளாச்சி)

குருட்டாம்போக்கில் எடுத்தால் எழுத்துக்கு கிட்டத்தட்ட 8 பிட் வரும், உண்மை. ஆனால் இதில் ஒரு வம்பு இருக்கிறது. 'கொ' என்பதைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க + ொ என்று இரண்டு குறியீடாக, இல்லாவிட்டால் க + ெ + ா என்று மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஹாஷுக்கு இரண்டும் வெவ்வேறு. தளம் இதைச் சமன் செய்யாமல் விட்டிருந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த பாஸ்வேர்டு போனில் தப்பு என்று வரும். நீங்கள் கேப்ஸ் லாக்கை நொந்துகொண்டிருப்பீர்கள். இன்னொன்று, bcrypt பொதுவாக முதல் 72 பைட்டோடு நின்றுவிடும். UTF-8 என்ற வழக்கமான சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட், ஆக 24 குறியீட்டுக்கு மேல் நீங்கள் டைப் செய்வது எண்ணிக்கையிலேயே வராமல் போகலாம். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், அது நல்லது.

"குருட்டாம்போக்கில் எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் எப்படி எடுப்பது? ஆப் எதுவும் வேண்டாம்." (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

வீட்டில் தாயக்கட்டை இருக்கும், அதை எடுங்கள். 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் ஆறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டி 7,776 சொல் பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுக்கும் முறையைச் சொன்னார். தாயக்கட்டைக்கு நாலு முகம், 0, 1, 2, 3. ஒரு கட்டை சரியாக இரண்டு பிட், கணக்குக்கு இன்னும் வசதி.

ஒரு தமிழ் அகராதியில் 64 பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 64 சொல். ஆக 4,096 சொல், சொல்லுக்கு 12 பிட். கட்டையை மூன்று முறை உருட்டினால் பக்கம், இன்னும் மூன்று முறை உருட்டினால் சொல். 2, 0, 3 விழுந்தால் முதல் எண்ணைப் பதினாறால், இரண்டாவதை நாலால் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டுங்கள்: 32 + 0 + 3 = 35. பூஜ்யத்திலிருந்து எண்ணி 35ஆம் பக்கம்.

இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டலாம், ஆனால் தாயம் ஆடுவது போலக் கூட்டிவிடாதீர்கள். எது இடது, எது வலது என்று தனித்தனியாக எழுதினால் 16 சமமான சாத்தியம், நாலு பிட். கூட்டினால் 3 அடிக்கடி விழும், 6 அபூர்வமாக விழும், நாலு பிட் 2.66 ஆகச் சுருங்கிவிடும். பழைய பித்தளைக் கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். நூறு முறை உருட்டிப் பாருங்கள், ஒரு முகம் நாற்பது தடவை விழுகிறது என்றால் அந்தக் கட்டை ஆட்டத்துக்கு மட்டும்.

ஐந்து சொல் 60 பிட், வேகமான ஹாஷில் நாலரை மாதம் தாங்கும். ஆறு சொல் 72 பிட், ஏறக்குறைய 1,500 வருஷம். நீங்கள் எந்த அகராதி, எந்தப் பக்கங்கள், தாயக்கட்டையில் எடுத்தீர்கள் என்பது எல்லாம் திருடனுக்குத் தெரிந்தாலும் இந்த எண்கள் குறையாது, ஏனென்றால் அவை விழுந்த முகங்களை மட்டுமே எண்ணுகின்றன.

விழுந்த சொற்கள் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப உருட்டாதீர்கள். பத்து தடவை உருட்டி, மனசுக்குப் பிடித்த ஒன்றை எடுத்தால் மூன்று பிட்டுக்கு மேல் போய்விடக்கூடும். இடையில் ஒரு கோடு போட்டுப் பிரித்து எழுதுங்கள், அது பிட்டுக்காக அல்ல, படிக்க வசதிக்கு. அப்புறம் எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: மஞ்சள் என்று விழுந்தால் `manjal` ஆ, `manchal` ஆ, `manjchal` ஆ என்று ஒரு மாதம் கழித்து லாகின் பக்கத்தில் நின்று யோசிக்கக் கூடாது.