வெறும் வணக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு முதன்முறையாகச் செய்தி அனுப்புகிறவர்களில் பலர் 'வணக்கம்' அல்லது 'ஹாய்' என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் பதில் சொன்ன பிறகுதான் விஷயம் வருகிறது. எடுத்தவுடனேயே அதைச் சொன்னால் என்ன? இது மரியாதையா, தயக்கமா?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டும் உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில், எழுத்துக்கு முந்தைய பேச்சுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடும்போது, உள்ளிருந்து குரல் வந்த பிறகே வந்த காரியத்தைச் சொல்கிறோம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சொன்ன பேச்சு வீண் என்பதால், ஆள் இருக்கிறாரா, காது கொடுக்கிறாரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்கிறோம்.

இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1968இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைத் தெளிவாக விளக்குகிறது. காவல்துறைக்கு வந்ததும் அங்கிருந்து போனதுமான சுமார் 500 தொலைபேசி உரையாடல்களின் தொடக்கத்தை அவர் ஆராய்ந்தார். தொலைபேசியை எடுப்பவரே முதலில் பேசுகிறார் என்ற விதி ஒரே ஓர் அழைப்பைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்த ஓர் அழைப்பில் எடுத்தவர் ஒரு நொடி பேசாமல் இருக்க, அழைத்த காவலர் 'ஹலோ' என்றார். அந்த விதிவிலக்கை ஒதுக்காமல் யோசித்ததில்தான் அவருக்கு விடை கிடைத்தது: மணியோசை ஓர் அழைப்பு, எடுப்பவர் சொல்லும் 'ஹலோ' அதற்கு விடை, விடை வராதபோது காவலர் வாயால் மறுபடி மணியடித்திருக்கிறார். விடை வந்துவிட்டால் அழைத்தவர் மேலே பேசக் கடமைப்படுகிறார், விடை சொன்னவர் கேட்கக் கடமைப்படுகிறார் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

உங்களுக்கு வரும் 'ஹாய்' அந்தக் காவலரின் 'ஹலோ'தான். செய்தி வந்ததும் கைபேசி ஒலிப்பதே அழைப்பு என்பதையும், எழுதியது நீங்கள் பார்க்கும்வரை அழியாமல் அங்கேயே இருக்கும் என்பதையும் மறந்து, பேச்சின் பழக்கத்தில் இன்னொரு முறை மணியடிக்கிறார்கள்.

தயக்கம் என்று நீங்கள் சொல்வது இதன்மேல்தான் ஏறி உட்காருகிறது. உதவி கேட்க வருகிறவர், கேட்டபின் மறுக்கப்படுவதைவிட, கேட்கும் முன்பே 'இப்போது நேரமில்லை' என்று தெரிந்துகொள்வதை விரும்புகிறார். அதில் இரு பக்கமும் முகம் வாடாது. ஆனால் பெறுகிறவர் பக்கம் நின்று பாருங்கள். பதில் சொன்னால் என்னவென்றே தெரியாத ஒன்றைக் கேட்கும் கடமை வந்து சேரும் என்பதால், அவர் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார். தொலைபேசியில் ஒரு நொடி மௌனமே ஏதோ சரியில்லை என்று உணர்த்திவிடும். செய்தியில் 2 மணி நேர மௌனத்துக்கும் தனியாக ஒரு பொருளும் இல்லை. அனுப்பியவரோ அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொண்டு மனம் நோகிறார். எனக்கு வருத்தம் தருவது இந்த இடம்தான்.

என்னிடம் ஒரு மாணவர் காலை 9 மணிக்கு 'வணக்கம் ஐயா' என்று எழுதினார். 11 மணிக்குப் பார்த்து 'வணக்கம், சொல்லுங்கள்' என்றேன். அப்போது அவர் வகுப்பில் இருந்திருக்கிறார். ஒன்றரை மணிக்கு 'ஒரு சந்தேகம் கேட்கலாமா?' என்று வந்தது. நான்கு மணிக்கு 'கேளுங்கள்' என்றேன். ஆறு மணிக்குக் கேள்வி வந்தது: 'கற்றுக்கொடுத்தார்' என்பதில் ஒற்று வருமா? வரும், 'கற்று' வன்தொடர்க் குற்றியலுகரமாக முடியும் வினையெச்சம் என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வணக்கத்தோடு கேள்வியையும் சேர்த்திருந்தால் 11 மணிக்கே அவருக்கு விடை கிடைத்திருக்கும். அன்று மதியமே கட்டுரையை ஒப்படைக்க வேண்டியிருந்தது என்று பிறகுதான் சொன்னார்.

அதனால் இப்போதெல்லாம் நான் 'சொல்லுங்கள்' என்பதோடு நிறுத்துவதில்லை. 'வணக்கம். விஷயத்தை இங்கேயே எழுதிவையுங்கள், பார்த்ததும் பதில் தருகிறேன்' என்று எழுதுகிறேன். காத்திருக்கத் தேவையில்லை என்பதும், கேட்டால் தவறில்லை என்பதும் அந்த ஒரு வரியில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. விஷயத்தை எழுதாமல் வணக்கம் மட்டும் சொல்வது தவறு என்று அவரிடம் சொல்வதை நான் தவிர்க்கிறேன். அவர் மரியாதையாக நினைத்துச் செய்ததைக் குற்றமாக்கினால் அடுத்த முறை எழுதவே மாட்டார்.

வெறும் வணக்கமே சரியாக இருக்கும் நேரமும் உண்டு. கைபேசித் திரையில் செய்தியின் முதல் வரி பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படும். நோய், பணம், குடும்பச் சிக்கல் போன்றவற்றைச் சொல்ல வருகிறவர், நீங்கள் தனியாக இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்வது நியாயம். அப்படிப்பட்டவரும் 'சொந்த விஷயம் ஒன்று பேச வேண்டும், எப்போது முடியும்?' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாரென்றே தெரியாத எண்ணிலிருந்து வரும் 'ஹாய்' மட்டும் வேறு வகை. அந்த எண்ணில் ஆள் இருக்கிறாரா என்று மோசடிக்காரர்கள் சோதிப்பதும் அப்படித்தான் என்பதால், பெயரோ காரணமோ இல்லாத அத்தகைய செய்திக்கு நான் பதில் எழுதுவதில்லை.