காத்தடிக்கிற மாசத்தில் எழுதாதீர்கள்

கேள்வி: எங்கள் காலேஜில் எனக்கு எட்டு வருஷம் முன்னாடி படித்த ஒருவர், நான் போக நினைக்கிற துறையில் இருக்கிறார். அவரிடம் வேலை கேட்கப் போவதில்லை. அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினால் போதும். முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது? தொந்தரவாக நினைப்பாரா?

எந்தத் துறை என்று நீங்கள் சொல்லவில்லை. ஊர் வள்ளியூர் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் காற்றாலை என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லை என்றாலும் பாதியாவது பொருந்தும்.

எனக்குப் பணகுடி. மொட்டைமாடியில் நின்றால் நாலு பக்கமும் காத்தாடிதான். 2021-ல் இ.இ.இ. முடித்தேன். அந்த ஜூலையில் லிங்க்ட்இனில் எங்கள் காலேஜ் பக்கத்துக்குப் போய், Alumni என்கிற இடத்தில் தேடி, காற்றாலைக் கம்பெனிகளில் இருக்கும் ஒன்பது பேரைப் பிடித்தேன். ஒன்பது பேருக்கும் ஒரே கடிதம்: "வணக்கம் சார், நான் உங்கள் ஜூனியர். காற்றாலைத் துறையில் ஆர்வம் உள்ளது. ஸ்கோப் எப்படி இருக்கிறது? வழிகாட்டவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

ஒருவர் மட்டும் "ஹெச்.ஆருக்கு அனுப்பவும்" என்றார். மற்ற எட்டு பேரிடமும் சத்தமே இல்லை. மேலே போனதும் ஊரை மறந்துவிட்டார்கள் என்று வீட்டில் புலம்பினேன்.

கிரேன் ஓட்டுகிற எங்கள் சித்தப்பா மகன்தான் சிரித்தான். "காத்து டயத்துல எவம்ல போன எடுப்பான்?" யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். இரண்டு மெகாவாட் மெஷின் ஒன்று நல்ல காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் 2,000 யூனிட் போச்சு. சர்வீஸ் ஆட்களுக்கு அப்போது ராத்திரி தூக்கமே சரியாக இருக்காது. பெரிய பராமரிப்பையெல்லாம் காற்று ஓய்ந்த பிறகுதான் எடுப்பார்கள். நான் எழுதியது ஜூலை இரண்டாவது வாரம்!

நேரம் ஒரு தப்பு. ரெஸ்யூமே இன்னொன்று. "வழிகாட்டவும்" என்று எழுதிவிட்டு அதை இணைத்தால் படிக்கிறவர் வேலை கேட்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் கையில் வேலை இல்லை, அதனால் பதிலும் இல்லை. அப்புறம் அந்த 'ஸ்கோப்'. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நல்லா இருக்கு என்பார்கள், இல்லை என்பார்கள், அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, தமிழிலேயே எழுதினேன். அப்படியே தருகிறேன்:

"அண்ணா, வணக்கம். ஜூலையில் நான் அனுப்பியதை மறந்துவிடுங்கள், யோசிக்காமல் எல்லாருக்கும் அனுப்பியது. எனக்குப் பணகுடி, நம் காலேஜில் 2021 இ.இ.இ. நீங்கள் எட்டு வருஷமாகக் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பதாகப் போட்டிருந்தது. எங்கள் பக்கம் பழைய 250 கிலோவாட் மெஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரிய மெஷின் போடுவதைப் பார்க்கிறேன். இதனால் சர்வீஸ் ஆட்களின் வேலை எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஏறுகிற வேலையில் ஒருவர் எத்தனை வருஷம் இருப்பார் என்பதும் தெரிய வேண்டும். வேலை கேட்டு எழுதவில்லை. தீபாவளிக்கு அப்புறம் உங்களுக்குத் தோதான ஒரு சாயங்காலம் 20 நிமிஷம் போனில் பேசலாமா? முடியாவிட்டால் பரவாயில்லை."

நாலாம் நாள் குரல்பதிவு வந்தது. "தம்பி, ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு மேல அடி. மேல கெடக்குற ஜூலை மெசேஜையும் பாத்தேன், சிரிச்சேன்." ஒருவேளை பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு ஞாபகப்படுத்தல், அதோடு விட்டுவிடுவது என்று வைத்திருந்தேன்.

அவரிடம் நான் முதலில் கேட்டது போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தீர்கள் என்பதைத்தான். இந்த ஒரு கேள்விக்கே பத்து நிமிஷம் போயிற்று. பழைய மெஷின்களுக்கு உதிரிபாகம் கிடைக்காமல், நின்றுபோன மெஷினிலிருந்து கழற்றி ஓடுகிற மெஷினுக்குப் போடுவது, பெல்ட் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவது, புது மெஷினில் லிஃப்ட் இருந்தாலும் முட்டி வலி போகாதது, ஏறுகிறவர்களில் நிறையப் பேர் காண்ட்ராக்டர் சம்பளத்தில் இருப்பது. சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் கேட்கவில்லை. சேருகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன், சொன்னார். காத்தாடிதான் மழை மேகத்தைத் துரத்துகிறது என்று எங்கள் சித்தப்பா சொல்வதையும் கேட்டு வைத்தேன். "ஒங்க சித்தப்பாட்ட பேச இருவது நிமிஷம் பத்தாது" என்றார்.

இருபது நிமிஷம் ஆனதும் நானே சொன்னேன், "அண்ணா, நேரம் ஆயிட்டு." இருக்கட்டும் என்று இன்னும் கால் மணி நேரம் பேசினார். கடைசியாக ஒன்று கேட்டேன்: இதே துறையில், நீங்கள் செய்யாத வேலை செய்கிற யாரிடமாவது பேசலாமா? அவர் சொன்ன ஒரு அக்கா, காற்று முன்கணிப்பில் இருந்தார். நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். நாளைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக 96 துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அளவுக்கு மேல் தப்பினால் அபராதம். இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. "ஏசியில உக்காந்து கம்ப்யூட்டரப் பாக்குத வேலை" என்று அண்ணன் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். சீசனில் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு அவரை வரச் சொல் என்றார். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் இப்போது இருப்பது முன்கணிப்பு வேலையில். அந்த அக்கா இருக்கும் கம்பெனி இல்லை, அண்ணன் இருக்கும் கம்பெனியும் இல்லை.

"எல்லாம் நடிப்பு, கடைசியில் வேலைக்குத்தானே" என்று யாராவது கருத்துப் போடுவீர்கள். எனக்கு வேலை வேண்டியிருந்தது, மறைக்கவில்லை. ஆனால் வேலை கேட்கவில்லை என்று எழுதிவிட்டுப் பேச்சின் கடைசியில் ரெஸ்யூமேவை நீட்டினால் அது ஏமாற்று. எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று ராத்திரியே நன்றி சொல்லி எழுதினேன். அக்காவிடம் பேசிய பிறகு என்ன தெரிந்துகொண்டேன் என்று இன்னொரு முறையும் எழுதினேன். வேலை பற்றி முதலில் பேச்செடுத்தது அண்ணன்தான், அதுவும் மூன்று மாதம் கழித்து.

இவ்வளவு சுற்றியிருக்கவே வேண்டாம். டி.சி. வாங்கும்போது முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஆயுள் சந்தா என்று 1,000 ரூபாய் பிடித்தார்கள். இன்று வரை ஒரு ஆளின் நம்பர் தந்ததில்லை. கேட்டால் தனியுரிமையாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் படம் போடுகிறவர்களுக்கு மட்டும் என் நம்பர் எப்படிப் போயிற்று? கட்டடத்துக்கு நன்கொடை கேட்கும்போது எல்லார் நம்பரும் சரியாக இருக்கிறது.

விடுங்கள். இப்போது ஆடி மாதம். உங்கள் ஆள் காற்றாலைக்காரர் என்றால் ஐப்பசி வரை பொறுங்கள். ஆடிட்டர் என்றால் செப்டம்பர் தாண்டட்டும். அதற்குள் அவர் செய்கிற வேலையைப் படித்து, அவரால் மட்டும் பதில் சொல்ல முடிகிற இரண்டு கேள்வியை எழுதி வையுங்கள். பத்துக் கேள்வி வேண்டாம். 20 நிமிஷத்தில் எனக்கு நாலுக்கு மேல் முடியவில்லை.