ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு

"என் சிறிய தளத்தின் எல்லாப் பக்கங்களும் தேடலில் ஒரே பெயரில் வருகின்றன. தலைப்பையும் விளக்கத்தையும் எப்படி எழுதுவது?"

வார்ப்புருவின் `<title>` குறியில் தளத்தின் பெயர் மட்டும் பதிந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கடிகாரப் பழுதுபார்ப்பைப் பற்றிய தளமொன்றில், பட்டை மாற்றும் பக்கத்துக்கு இவ்வாறு எழுதலாம்:

```html
<title>கைக்கடிகாரப் பட்டை மாற்றுவது எப்படி - கடிகாரக் கையேடு</title>
<meta name="description" content="பட்டையின் அகலத்தை அளந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் முறை.">
```

நீண்ட தலைப்பின் இறுதிப்பகுதி திரையில் வெட்டுப்படக்கூடும் என்பதால், பக்கத்தின் பொருள் முதலிலும் தளத்தின் பெயர் கடைசியிலும் நிற்க வேண்டும். விளக்கம் கூகுளின் தரவரிசையை உயர்த்துவதில்லை. ஆயினும் பக்கத்தைத் திறப்பதா என்று தேடுபவர் முடிவெடுக்க அது உதவுவதால், அதைக் கவனமாக எழுதுவதே நல்லது என்பேன். பக்கத்தின் உள்ளடக்கத்தோடு பொருந்தாத விளக்கத்தை விட்டுவிட்டு, கூகுள் பக்கத்திலிருந்தே வரிகளை எடுத்துக் காட்டக்கூடும். திருத்திய பின் `site:` என்பதோடு தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். கூகுள் பக்கத்தை மீண்டும் படிக்கும்வரை பழைய தலைப்பே தெரியும்.